தை 1 ஒரு நாள் முன்னே போகிறதா? மாதக் காலண்டர் பக்கத்தில் வரும் பிழைகளும் அவற்றைப் பிடிக்கும் வழியும்

புதுச்சேரியிலும் கடலூரிலும் கிளை வைத்திருக்கும் ஒரு கடைக்கு மாதக் காலண்டர் போடுவதாக வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு பக்கம், ஒவ்வொன்றும் 12 அங்குல அகலம், 18 அங்குல உயரம். மேல் பாதியில் படம், அதன் கீழே தேதிக் கட்டங்கள், அடியில் கடையின் பெயர்ப் பட்டை. கட்டத்துக்குள் ஆங்கிலத் தேதி பெரிதாகவும் தமிழ்த் தேதி சிறிதாகவும் இருக்கும், பண்டிகையும் விடுமுறையும் அதன் அடியில் வரும். இந்த அமைப்பில் திரும்பத் திரும்ப வரும் பிழைகளை, கண்ணில் படும் அறிகுறியை வைத்தே இங்கே தேடிப் போகிறோம்.

எந்த ஆண்டுக்குக் காலண்டர் போட்டாலும், முதலில் 2026 ஜனவரி, பிப்ரவரிப் பக்கங்களை அதே டெம்ப்ளேட்டில் ஓட்டிப் பாருங்கள். விடை ஏற்கெனவே தெரிந்த கணக்கு அது. ஜனவரி 1 வியாழன், மார்கழி 17. போகி ஜனவரி 14 புதன், மார்கழி 30. பொங்கல் 15 வியாழன், தை 1. குடியரசு நாள் தை 12. பிப்ரவரி 1 ஞாயிறு தைப்பூசம், தை 18. இந்த ஐந்தும் சரியாக வந்தால் டெம்ப்ளேட்டின் எலும்புக்கூடு சரி. ஒன்று தவறினாலும் கீழே உள்ளவற்றில் பொருந்துவதைத் தேடுங்கள்.

## தமிழ்த் தேதி ஒரே ஒரு மாதம் மட்டும் ஒன்று கூடுதலாகக் காட்டுகிறது

குடியரசு நாளில் தை 13, தைப்பூசத்தில் தை 19 என்று வருகிறது. ஆனால் பிப்ரவரி 13-ஐத் தொட்டதும் மாசி 1 என்று தானாகவே சரியாகிவிடுகிறது. புரூஃப் பார்ப்பவர் பெரும்பாலும் மாசியையும் சித்திரையையும் தொட்டுப் பார்த்து 'எல்லாம் சரி' என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். தை மட்டும் தவறாகவே அச்சுக்குப் போய்விடும்.

காரணம், தை 1-க்கு எதிரே ஜனவரி 14 என்று இருப்பது. அது அங்கே வர இரண்டு வழி உண்டு.

முதலாவது, முந்தைய ஆண்டின் அட்டவணையை அப்படியே எடுத்து ஆண்டை மட்டும் மாற்றியது. 2025-இல் பொங்கல் ஜனவரி 14-இல் வந்தது. அந்த மார்கழிக்கு 29 நாள், தைக்கு 30 நாள். அடுத்த முறை தலைகீழாகி மார்கழி 30, தை 29 ஆனது. இரண்டு ஆண்டிலும் மார்கழி பிறந்தது டிசம்பர் 16, மாசி பிறந்தது பிப்ரவரி 13. நடுவில் இருக்கும் தை 1 மட்டும் நகர்ந்திருக்கிறது. தமிழ் மாதங்களின் நீளம் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் பழைய அட்டவணை பதினொரு மாதத்துக்குப் பொருந்திப்போய் ஒரு மாதத்துக்குக் காலை வாரிவிடும்.

இரண்டாவது வழி கொஞ்சம் நுட்பமானது. தமிழ் மாதம் பிறப்பது சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குள் நுழையும் நேரத்தைப் பொறுத்தது. அது சூரிய அஸ்தமனத்துக்கு முன் நடந்தால் அன்றே மாதம் பிறந்தது, அஸ்தமனத்துக்குப் பின் நடந்தால் மறுநாள்தான் முதல் தேதி. இதுதான் தமிழ்நாட்டு வழக்கம். அந்த நேரத்தைக் கணக்கிடத் திருக்கணிதம், வாக்கியம் என இரண்டு முறைகள் உண்டு. இரண்டுக்கும் சில மணி நேரம் வித்தியாசம் வரும். நுழைவு காலையில் நடந்தால் அந்த வித்தியாசத்தால் ஒன்றும் ஆகாது, பிற்பகலில் நடந்தால்தான் சிக்கல். 2026-இல் திருக்கணிதப்படி சூரியன் மகரத்தில் நுழைந்தது ஜனவரி 14 பிற்பகல் 3 மணியைத் தாண்டி. நம் பக்கம் அந்தப் பருவத்தில் அஸ்தமனம் மாலை ஆறு மணியை ஒட்டி வரும். அந்தக் கணக்கில் விதிப்படி தை 1 அன்றே வந்துவிட வேண்டும். ஆனால் அரசு விடுமுறைப் பட்டியலும் வாக்கியத்தைத் தழுவும் காலண்டர்களும் 15-ஐத்தான் பொங்கல் என்றன, ஊரும் அன்றுதான் பொங்கல் வைத்தது. இணையத்தில் பஞ்சாங்கம் தரும் தளங்களும் செயலிகளும் பெரும்பாலும் திருக்கணிதம் சார்ந்தவை. அங்கிருந்து எடுத்துப் போட்ட அட்டவணை, கணக்கில் பிழையே இல்லாமல், உங்கள் காலண்டருக்குப் பிழையாகிவிடும்.

எனவே சரிசெய்வது எளிது, ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். எந்தப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவது என்று வாடிக்கையாளரிடம் முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். பன்னிரண்டு மாதப் பிறப்பையும் அந்த ஒரே பஞ்சாங்கத்திலிருந்து எடுங்கள். பாதியை ஒன்றிலிருந்தும் மீதியை இன்னொன்றிலிருந்தும் எடுப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் அந்தக் கலவையில் பிழையைத் தேட ஒரு பிடியும் கிடைக்காது. பிறகு பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு இரண்டையும் அரசு விடுமுறைப் பட்டியலோடு ஒட்டிப் பாருங்கள். மோதினால் பொதுக் காலண்டருக்கு அரசுப் பட்டியலோடு ஒத்துப்போகும் பஞ்சாங்கத்தையே எடுப்பது நல்லது. பொங்கல் விடுமுறைக் கட்டத்தில் 'தை 2' என்று அச்சாகி வந்தால், கணித நுட்பம் பேசி யாரையும் சமாதானப்படுத்த முடியாது.

## பிழை ஒரு மாதத்தில் தொடங்கி டிசம்பர் வரை ஓடுகிறது

இது வேறு நோய். தை சரி, மாசி 1 பிப்ரவரி 14-இல் வருகிறது, சித்திரை 1 ஏப்ரல் 15-க்குப் போய்விடுகிறது, அதன் பிறகு எல்லாமே ஒரு நாள் தள்ளி. மாதப் பிறப்பைத் தேதியாகக் கொடுக்காமல், 'தைக்கு 30 நாள், மாசிக்கு 30 நாள்' என்று நீளங்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போகும் டெம்ப்ளேட்டில்தான் இப்படி நடக்கும். தையை 29-க்குப் பதில் 30 என்று கொடுத்தால் போதும், சங்கிலி முழுவதும் நகர்ந்துவிடும்.

சங்கிலியைக் கைவிட்டு, ஒவ்வொரு மாதப் பிறப்பையும் ஆங்கிலத் தேதியாகவே எழுதி வையுங்கள். எக்செல்லிலோ லிப்ரே ஆபீஸிலோ F பத்தியில் மாதம் பிறக்கும் தேதி, G பத்தியில் மாதத்தின் பெயர். ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான காலண்டருக்குப் பன்னிரண்டு வரி போதாது, பதிமூன்று வேண்டும். முந்தைய டிசம்பரில் பிறந்த மார்கழியில் தொடங்கி, இந்த டிசம்பரில் பிறக்கும் மார்கழியில் முடியும். 2026-க்கு முதல் ஐந்து வரிகள் இப்படி:

```
F2  16-12-2025   G2  மார்கழி
F3  15-01-2026   G3  தை
F4  13-02-2026   G4  மாசி
F5  15-03-2026   G5  பங்குனி
F6  14-04-2026   G6  சித்திரை
```

A பத்தியில் ஆங்கிலத் தேதிகள் இருந்தால், தமிழ் மாதத்துக்கு முதல் வரி, தமிழ் நாளுக்கு இரண்டாவது வரி:

```
=VLOOKUP(A2,$F$2:$G$14,2,TRUE)
=A2-VLOOKUP(A2,$F$2:$G$14,1,TRUE)+1
```

கடைசியில் வரும் TRUE முக்கியம். 'இந்தத் தேதிக்குச் சமமான அல்லது அதற்கு முன் உள்ள கடைசி மாதப் பிறப்பு எது' என்று தேடச் சொல்வது அதுதான். F பத்தி பழைய தேதியிலிருந்து புதிய தேதி வரை ஏறுவரிசையில் இருந்தால்தான் இது வேலை செய்யும்.

இனி H பத்தியில் அடுத்தடுத்த பிறப்புகளின் இடைவெளியைக் கழித்துப் பாருங்கள். மேலே உள்ளதற்கு 30, 29, 30, 30 என்று வரும். எந்த எண்ணும் 29-க்குக் குறையக் கூடாது, 32-ஐத் தாண்டக் கூடாது. 28 என்றோ 33 என்றோ வந்தால் அந்த வரியில் தட்டச்சுப் பிழை. முதல் மார்கழிக்கும் கடைசி மார்கழிக்கும் இடையே 365 அல்லது 366 நாள் இருக்க வேண்டும். இந்தச் சோதனை தட்டச்சுப் பிழையைப் பிடிக்கும். முந்தைய தலைப்பில் சொன்ன, தை 1 ஜனவரி 14-ஆ 15-ஆ என்ற குழப்பத்தை மட்டும் பிடிக்காது, ஏனென்றால் 29-ம் 30-ம் இடம் மாறினாலும் கூட்டல் அதேதான். அதற்குப் பஞ்சாங்கத்தைப் புரட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

## ஜனவரி முதல் பாதியில் #N/A, அல்லது கட்டத்தில் 17-01-1900

ஜனவரி 1 முதல் 14 வரை மட்டும் `#N/A` என்றால், பட்டியலின் முதல் வரியை, அதாவது முந்தைய மார்கழியை, விட்டுவிட்டீர்கள். அந்தத் தேதிகளுக்கு முன்னால் தேடிப் பிடிக்க மாதப் பிறப்பு ஒன்றுமில்லை.

ஆண்டு முழுவதும் `#N/A` என்றால் F பத்தியில் இருப்பவை தேதிகள் இல்லை, தேதி போலத் தெரியும் எழுத்துகள். கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் மாதத்தை முன்னால் எதிர்பார்க்கும். தமிழ் மாதங்கள் எப்போதுமே ஆங்கில மாதத்தின் நடுவில் பிறப்பவை. '15-01-2026' என்று அடித்தால் பதினைந்தாவது மாதம் என ஒன்று கிடையாது என்பதால் அதை எழுத்தாகவே விட்டுவிடும். கட்டத்தில் இடது பக்கம் ஒட்டி நின்றால் எழுத்து, வலது பக்கம் ஒட்டி நின்றால் தேதி. சீரமைப்பை நீங்களே மாற்றாதவரை இந்த அடையாளம் பொய் சொல்லாது. வட்டார அமைப்பை ஆங்கிலம், இந்தியா என்று மாற்றிவிட்டு அந்தப் பதிமூன்றையும் மறுபடி அடியுங்கள்.

A பத்தியில் இதே கோளாறு வந்தால் இன்னும் ஆபத்து. அங்கே 02-01-2026 என்பது சத்தமில்லாமல் பிப்ரவரி 1 ஆகிவிடும். அதனால் A பத்தியில் முதல் தேதியை மட்டும் `=DATE(2026,1,1)` என்று கொடுத்து, மற்றவற்றை முந்தையதோடு 1 கூட்டி இறக்குவதே பத்திரம்.

தமிழ் நாள் வர வேண்டிய இடத்தில் 17-01-1900 என்று வந்தால் கணக்கு சரிதான். 17 என்ற எண்ணை எக்செல் தேதியாகக் காட்டுகிறது. அந்தப் பத்தியின் வடிவத்தை எண்ணாக மாற்றினால் போதும்.

எக்செல் தாள் சரி, ஆனால் காலண்டர் பக்கத்தில் இன்னும் பழைய எண் இருக்கிறதா? இன்டிசைனிலோ கோரலிலோ ஒட்டிய அட்டவணை தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. தாளை முழுவதும் சரிபார்த்து முடித்த பிறகே ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு தாளில் திருத்தினால் அந்த மாதக் கட்டம் முழுவதையும் மறுபடி ஒட்ட வேண்டும். பக்கத்தில் ஒரே ஒரு எண்ணைக் கையால் மாற்றுவதை வழக்கமாக்கினால் தாளும் பக்கமும் பிரிந்து போகும்.

## பக்கத் தலைப்பில் ஆண்டின் பெயர் தவறு

ஒரு ஆங்கில மாதப் பக்கத்தில் இரண்டு தமிழ் மாதங்கள் வரும் என்பதை எல்லோரும் நினைவில் வைத்து 'மார்கழி – தை' என்று போட்டுவிடுகிறார்கள். ஆண்டின் பெயரில்தான் சறுக்கல். 2026 காலண்டர் முழுவதற்கும் 'பராபவ' என்று போடக் கூடாது. ஏப்ரல் 13 வரை விசுவாவசு, 14 முதல் பராபவ. எனவே முதல் மூன்று பக்கத்தில் விசுவாவசு, ஏப்ரல் பக்கத்தில் இரண்டும், மே முதல் பராபவ. திருவள்ளுவர் ஆண்டும் போடுவதாக இருந்தால் அது தை முதல் நாளில் மாறும். ஆங்கில ஆண்டோடு 31 கூட்ட 2057, ஆனால் ஜனவரிப் பக்கத்தில் பொங்கலுக்கு முந்தைய நாட்கள் 2056-ஐச் சேர்ந்தவை.

## சிவப்பு இருக்க வேண்டிய நாளில் இல்லை, இல்லாத நாளில் இருக்கிறது

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் ஒரே காலண்டர் போடும்போது தனியாகத் தலைதூக்கும் சிக்கல் இது. பேருந்தில் ஒரு மணி நேர தூரம்தான், ஆனால் ஒன்று யூனியன் பிரதேசம், மற்றது தமிழ்நாட்டு மாவட்டம். விடுமுறைப் பட்டியல் வெவ்வேறு அரசு வெளியிடுவது. புதுச்சேரிக்கு மட்டும் உரிய இரண்டு நாட்கள், நவம்பர் 1 விடுதலை நாள், ஆகஸ்ட் 16 சட்டபூர்வ இணைப்பு நாள். பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில் கைமாறியது 1954 நவம்பர் 1-இல், சட்டப்படி இணைப்பு முழுமையானது 1962 ஆகஸ்ட் 16-இல்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 2026-இல் இந்த இரண்டு நாளும் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு எப்படியும் சிவப்பு என்பதால், தமிழ்நாட்டுப் பட்டியலை மட்டும் வைத்து அந்த ஆண்டுக் காலண்டர் போட்டவர்களுக்கும் பக்கம் சரியாகவே தெரிந்திருக்கும், பெயர் மட்டும் விடுபட்டிருக்கும். அதே டெம்ப்ளேட்டை 2027-க்கு எடுத்தால் இரண்டும் திங்கட்கிழமைக்கு நகர்ந்து கறுப்பில் நிற்கும். காலண்டரைப் பார்த்துப் புதுச்சேரி அலுவலகத்துக்குப் போனவர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்.

கட்டங்களுக்குக் கையால் வண்ணம் அடிப்பதே இந்தக் கோளாறுகளின் வேர். போன ஆண்டு அடித்த சிவப்பு இந்த ஆண்டும் அதே கட்டத்தில் உட்கார்ந்திருக்கும், தேதி மட்டும் அடியில் மாறியிருக்கும். அதற்குப் பதில் தனித் தாளில் விடுமுறைப் பட்டியல் வையுங்கள். முதல் பத்தியில் தேதி, இரண்டாவதில் பெயர், மூன்றாவதில் வகை. வகைக்கு நான்கு எழுத்து போதும். 'பொ' இரண்டு அரசுக்கும் பொது, 'த' தமிழ்நாட்டுக்கு மட்டும், 'பு' புதுச்சேரிக்கு மட்டும், 'உ' விடுமுறையற்ற உள்ளூர் விழா. மாசி மகத்தின்போது வைத்திக்குப்பத்திலும் தேவனாம்பட்டினத்திலும் சாமிகள் கடலுக்கு வரும் நாளைக் காலண்டரில் தேடுபவர்கள் ஏராளம். ஆனால் அதை 'பொ' என்று போட்டுவிட முடியாது. உள்ளூர் விடுமுறை அறிவிப்பு வந்தால் அப்போது வகையை மாற்றலாம். இரண்டு அரசின் பட்டியலையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு தேதியையும் இரண்டிலும் டிக் அடித்த பிறகே 'பொ' எழுதுங்கள். 'இது எல்லா இடத்திலும் இருக்குமே' என்ற நினைப்பில் எழுதியதுதான் பின்னால் தவறாகும்.

அச்சில் வேறுபடுத்தும் விதமும் எளிதாக இருக்கட்டும். பொது விடுமுறைக்கு எண்ணே சிவப்பு. ஒரு அரசுக்கு மட்டும் என்றால் எண் கறுப்பு, அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம், கீழே 'புதுச்சேரி' அல்லது 'தமிழ்நாடு' என்று சிறு எழுத்து. உள்ளூர் விழாவுக்குப் பெயர் மட்டும். ஐந்தாறு வண்ணங்களைப் போட்டு அடியில் விளக்கக் குறிப்பு எழுதினால் ஒருவரும் படிப்பதில்லை. ரம்ஜான், பக்ரீத் போன்றவை பிறை தெரிவதைப் பொறுத்து ஒரு நாள் நகரக்கூடும் என்பதால் அவற்றின் பெயருக்கு அருகில் ஒரு பிறைக் குறி போடுவது நல்ல பழக்கம்.

ஒரே நாளில் இரண்டு விசேஷம் வந்தால் ஒன்று காணாமல் போகிறதா? 2026 மே 1-இல் மே தினமும் சித்ரா பௌர்ணமியும் சேர்ந்து வந்தன. கடைசியில் FALSE போட்டுத் தேடும் `VLOOKUP` முதலில் கண்ட வரியோடு நின்றுவிடும். பட்டியலில் ஒரு தேதிக்கு ஒரே வரி என்று வைத்து, 'மே தினம் / சித்ரா பௌர்ணமி' எனச் சேர்த்து எழுதிவிடுங்கள். ஒரு தேதி இரண்டு முறை வந்திருக்கிறதா என்பதை `COUNTIF` சொல்லிவிடும்.

## ஒரு மாதம் கட்டத்துக்குள் அடங்கவில்லை

2026 இதற்கும் நல்ல சோதனை ஆண்டு. பிப்ரவரி ஞாயிறில் தொடங்கி 28 நாளில் முடிந்ததால் நான்கே வரிசை. மே வெள்ளியில், ஆகஸ்ட் சனியில் தொடங்கியதால் ஆறு வரிசை. ஐந்து வரிசைக்கு வரைந்த டெம்ப்ளேட்டில் மே 31, ஆகஸ்ட் 30, 31 ஆகியவை கடையின் பெயர்ப் பட்டைக்குள் இறங்கும், அல்லது மறைந்தே போகும்.

நம் பக்கத்தில் படத்துக்கு 9 அங்குலம், பெயர்ப் பட்டைக்கு 2, மாதத் தலைப்புக்கு 1, கிழமை வரிசைக்கு அரை அங்குலம் போனால் மிச்சம் 5.5 அங்குலம். ஆறு வரிசையென்றால் ஒவ்வொன்றுக்கும் 0.92 அங்குலம், ஐந்து வரிசையென்றால் 1.1. எழுத்தின் அளவை ஆறு வரிசைக்கு ஏற்றபடி முடிவு செய்யுங்கள். 40 பாயின்ட் ஆங்கில எண்ணும் 11 பாயின்ட் தமிழ்த் தேதியும் அதில் நெருக்கடியில்லாமல் நிற்கும். எண்ணின் அளவை எல்லாப் பக்கத்திலும் ஒன்றாக வைத்து, வரிசை உயரத்தை மட்டும் மாதத்துக்கு ஏற்ப மாற்றலாம். 24-க்கும் 31-க்கும் ஒரே கட்டத்தைக் குறுக்குக் கோடு போட்டுப் பங்கு வைக்கும் பழைய உத்தியை இந்த வகைக் காலண்டரில் தவிர்ப்பதே நல்லது. இரண்டு ஆங்கில எண், இரண்டு தமிழ்த் தேதி, மேலும் ஒரு பண்டிகைப் பெயர் என்று வந்தால் ஒன்றையும் படிக்க முடியாது.

## வைகாசியில் 'வை' உடைகிறது, தமிழ் இருந்த இடத்தில் jkpo;

எண்களெல்லாம் சரி, பெயர்கள் மட்டும் `jkpo;` போன்ற ஆங்கில எழுத்துக் குவியலாக வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்ததால் உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது. யூனிகோடுக்கு மாற்றியில் போட்டு மாற்றுங்கள். மாற்றிய பிறகு காற்புள்ளி இருந்த இடங்களில் 'இ' முளைத்திருக்கிறதா என்று தேடுங்கள். பாமினியில் காற்புள்ளி விசையில் உட்கார்ந்திருப்பது 'இ'. யூனிகோடில் அடித்த காற்புள்ளிகளும் கலந்திருந்தால் மாற்றி அவற்றையும் 'இ' ஆக்கிவிடும்.

யூனிகோடில்தான் அடித்தீர்கள், ஆனால் 'வைகாசி', 'போகி', 'கார்த்திகை' ஆகியவற்றில் கொம்பும் சங்கிலிக் கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கின்றன என்றால், தவறு எழுத்துருவில் இல்லை, எழுத்தைக் கோக்கும் பகுதியில் இருக்கிறது. இன்டிசைனில் பத்தி அமைப்புப் பட்டியலில் `Adobe World-Ready Paragraph Composer` என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதை ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியே செய்யாமல் பத்திப் பாணியிலேயே வைத்துவிட்டால் பன்னிரண்டு பக்கமும் சரியாகும். ஸ்கிரைபஸ் என்றால் 1.4 பதிப்பை விட்டுவிட்டு 1.6-க்கு வாருங்கள், பழையதற்கு இந்திய மொழிகளைக் கோக்கத் தெரியாது. பிரஸ்ஸுக்கு அனுப்பும் பிடிஎஃப்பில் எழுத்துருவை உள்ளடக்கி அனுப்புங்கள். 'எழுத்தையெல்லாம் வளைகோடாக்கிக் கொடுங்கள்' என்று கேட்டால் அதற்கென்று தனி நகல் எடுத்துக் கொடுங்கள், அந்த நகலில் பிறகு ஒரு தேதியைக்கூடத் திருத்த முடியாது.

திரையில் கூராக இருந்த சிறு தமிழ்த் தேதி அச்சில் நிழலோடு மங்கலாக வந்தால், அதன் கறுப்பு நான்கு மையும் சேர்ந்த கறுப்பாக இருக்கிறது. வேர்டிலிருந்தோ எக்செல்லிலிருந்தோ ஒட்டும்போது இப்படி ஆகும். நான்கு தகடும் இம்மி பிசகினாலே 11 பாயின்ட் எழுத்து கலங்கும். எழுத்துக்கு கறுப்பு மை மட்டும் 100 சதவீதம், மற்ற மூன்றும் பூஜ்யம். விடுமுறைச் சிவப்புக்கு மெஜந்தா 100, மஞ்சள் 100.

## படம் திரையில் அழகு, அச்சில் புள்ளி புள்ளியாக

படத்தின் இடம் 12×9 அங்குலம். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் 3600×2700 வேண்டும், வெட்டுக்கு விடும் 3 மில்லிமீட்டர் தனி. 12 மெகாபிக்சல் கைப்பேசிப் படம் 4000×3000 இருக்கும். அகலவாக்கில் எடுத்திருந்தால் இந்த இடத்துக்கு அப்படியே பொருந்தி, அங்குலத்துக்கு 333 பிக்சல் கிடைக்கும். அதே படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பியிருந்தால் நீளப் பக்கம் 1600 அளவுக்குச் சுருங்கி, அங்குலத்துக்கு 133-தான் மிஞ்சும். பிச்சாவரத்தின் சதுப்பு மரக் கிளைகளும் வேர்களும் அந்த அளவில் பச்சைக் குழம்பாகிவிடும். வாடிக்கையாளரிடம் 'ஆவணமாக அனுப்புங்கள்' என்று சொல்லி மூலக் கோப்பை வாங்குங்கள். சிறிய படத்தை மென்பொருளில் 300-க்கு உயர்த்தினால் எண்தான் உயரும், படம் அதேதான்.

நெட்டுவாக்கில் எடுத்த கோபுரப் படம் வந்தால் அகலத்தில் 3000 பிக்சல்தான், அங்குலத்துக்கு 250. அதுகூடப் பரவாயில்லை. ஆனால் 4000 உயரத்தில் 2250-தான் கட்டத்துக்குள் வரும், மீதி 44 சதவீதம் வெட்டுப்படும். திருப்பாதிரிப்புலியூர் கோபுரத்தைக் கலசமும் இல்லாமல் அடியும் இல்லாமல் இடுப்போடு போடுவதைவிட, புதுச்சேரிக் கடற்கரைச் சாலையையோ கடலூர் வெள்ளிக் கடற்கரையையோ அகலவாக்கில் எடுத்த வேறு படத்தைக் கேட்பது மேல்.

மேல் விளிம்பில் தகரப் பட்டை அடிக்கும் காலண்டரில் படத்தின் உச்சிப் பகுதி பட்டைக்குள் போய்விடும். கலசம், தலை, கொடி போன்றவை மேல் விளிம்பிலிருந்து ஓர் அங்குலமாவது கீழே இருக்கும்படி படத்தை இறக்கி வையுங்கள். புரூஃப் தாளின் மேல் விளிம்பில் அரை அங்குலக் காகிதப் பட்டையை ஒட்டிச் சுவரில் ஆணியில் மாட்டி, இரண்டு மூன்று அடி தள்ளி நின்று பாருங்கள். தமிழ்த் தேதி அங்கிருந்து படிக்க முடியாவிட்டால் அதை 13 பாயின்ட்டுக்கு ஏற்றி, பண்டிகைப் பெயரை ஒரு பாயின்ட் குறையுங்கள்.